‘பிழை இல்லை’ என்று சொல்லத் தெரிந்த பிராம்ப்ட்

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் பலரிடமும் ஒரு சேமிப்பு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட செய்திகள், யாரோ பகிர்ந்த ‘ஐந்நூறு அற்புத பிராம்ப்ட்டுகள்’ பி.டி.எஃப்., கைபேசிக் குறிப்பில் ஒட்டிவைத்த நான்கைந்து பத்திகள். மூன்று மாதம் கழித்து அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால், அன்றைக்கு வந்த மாதிரி பதில் வராது. எந்த மாடலில் போட்டோம், அதில் எந்த வரியை எதற்காகச் சேர்த்தோம், அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் பதில் இருக்காது. பிராம்ப்ட் மட்டும் இருக்கும்.

இது ஏன் போதாது என்பதற்கு ஒரு பழைய ஆய்வே சாட்சி. 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆய்வாளர்கள், கணக்குக் கேள்விகளுக்குப் பிறகு `Let's think step by step` என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தார்கள். மல்டிஆரித் என்ற கணக்குத் தொகுப்பில் சரியான விடைகள் 17.7 சதவீதத்திலிருந்து 78.7 சதவீதமாகத் தாவின. இந்த வரி உலகம் முழுக்கப் பரவி, எல்லாப் பிராம்ப்ட் தொகுப்புகளிலும் ஏறியது. ஆனால் அந்த எண்கள் கிடைத்தது `text-davinci-002` என்ற மாடலில். 2024 ஜனவரியில் அந்த மாடலையே ஓப்பன்ஏஐ நிறுத்திவிட்டது. பிறகு வந்த ‘ரீசனிங்’ வகை மாடல்கள் கேட்காமலேயே உள்ளுக்குள் படிப்படியாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கின்றன. அவற்றுக்கு இந்த வரி தேவையில்லை என்று தயாரித்தவர்களே வழிகாட்டுகிறார்கள். ஆனாலும் ஐந்நூறு பிராம்ப்ட் பி.டி.எஃப்.களில் அது இன்னும் இருக்கிறது, மாடலின் பெயரும் தேதியும் இல்லாமல்.

சோதித்த பிராம்ப்ட்டுகளை வைத்திருக்கும் தனி நூலகம் ஒன்றை எப்படிக் கட்டுவது என்று பொதுவாகப் பேசுவதைவிட, நான் அன்றாடம் பயன்படுத்தும் ஒரே ஒரு பிராம்ப்ட்டின் கதையைச் சொல்கிறேன். அது மெய்ப்புப் பார்க்கும் பிராம்ப்ட். அச்சுக்குப் போகும் கட்டுரையில் எழுத்துப் பிழையும் ஒற்றுப் பிழையும் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை.

முதல் பதிப்பு எல்லோரும் எழுதுவதுதான்: ‘கீழே உள்ள பத்தியில் பிழை திருத்திக் கொடு.’ பத்தியில் ‘சுவற்றில்’ என்று இருந்ததை ‘சுவரில்’ என்று மாற்றிவிட்டது, நல்லது. ‘புத்தகத்தை படித்தான்’ என்பதில் விடுபட்ட ‘ப்’பைச் சேர்த்தது, அதுவும் நல்லது. கூடவே, சிறுகதையில் ஒரு பாத்திரம் பேசும் ‘கெழவி வந்துட்டா’ என்பது ‘கிழவி வந்துவிட்டாள்’ ஆகியிருந்தது. இரண்டு குட்டி வாக்கியங்கள் ஒரே நீண்ட வாக்கியமாக இணைந்திருந்தன. எழுத்தாளர் பார்த்தால் சும்மா விடமாட்டார். எது மாறியது என்று மாடல் சொல்வதும் இல்லை. மூலத்தையும் திருத்தத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு நாமே மெய்ப்புப் பார்த்துவிடலாம்.

இரண்டாம் பதிப்பில் ‘நடையை மாற்றாதே, எழுத்துப் பிழையும் ஒற்றுப் பிழையும் மட்டும் திருத்து’ என்று சேர்த்தேன். மாற்றங்கள் குறைந்தன, நிற்கவில்லை. மாடல் ஒவ்வொரு சொல்லாகப் பத்தியைப் புதிதாக எழுதித்தான் திருப்பித் தருகிறது. அப்படி எழுதும்போது பழக்கமான நடைக்குச் சரிவது அதன் இயல்பு. எவ்வளவு கண்டித்தாலும் அந்தச் சரிவு கொஞ்சம் இருக்கும்.

ஆகவே மூன்றாம் பதிப்பில் கேட்கும் பொருளையே மாற்றினேன். பத்தியைத் திருப்பித் தராதே. பிழைகளை மட்டும் பட்டியலிடு. ஒவ்வொரு வரியிலும் தவறான வடிவம், சரியான வடிவம், ஒரு சொல்லில் காரணம். திருத்தி எழுதும் கோளாறு இதோடு ஒழிந்தது. எழுதச் சொன்னால்தானே மாற்றி எழுதும்! பட்டியலில் உள்ள தவறான வடிவம் மூலத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் ஒரு நொடி வேலை. சில சமயம் மூலத்தில் இல்லாத ஒரு பிழையையே மாடல் ‘கண்டுபிடித்து’ எழுதியிருக்கும். அப்படிப்பட்டது உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. பட்டியல் கேட்டால், எதையாவது போட்டு அதை நிரப்பத் தோன்றுகிறது மாடலுக்கு. ‘வந்து பார்த்தான்’ என்பது சரியான தொடர். மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது. ‘எடுத்துக் கொடுத்தான்’ என்பதில் மிகும் என்பதால் இங்கேயும் மிகும் என்று அடித்துச் சொல்லிவிடுகிறது. ‘கோவில்’ என்று எழுதினால் ‘கோயில்’தான் சரி என்கிறது, இரண்டுமே வழக்கில் உள்ளவை. ‘வந்த பையன்’ என்ற பெயரெச்சத் தொடருக்கு நடுவில் ஒரு ‘ப்’ வைக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு இலக்கணம் தெரிந்தால் தள்ளிவிடலாம். தெரியாதவர், சரியாக இருந்ததைக் கெடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவார். பிழையை விட்டுவிடுவதைவிட இது மோசம் என்பது என் கட்சி.

நூலகம் என்ற பேச்சுக்கு உண்மையான தேவை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை அப்போது கையில் இருக்கும் ஒரு பத்தியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மாறாத ஒரு சோதனைக் கட்டு வேண்டும். பழைய இதழ்களிலிருந்து இருபது பத்திகள் எடுங்கள். சிலவற்றில் பிழைகளை நாமே விதைக்கலாம்: ‘பொறுத்தவரை’ என்பதை ‘பொருத்தவரை’ என்று, ‘முயற்சி’ என்பதை ‘முயற்ச்சி’ என்று, இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வரும் ஒற்றை எடுத்துவிட்டு. ஒவ்வொரு பத்திக்கும் விடைத்தாள் முன்பே எழுதி வைக்க வேண்டும். பிராம்ப்ட்டின் பதிலைப் பார்த்த பிறகு விடைத்தாள் எழுதினால், மாடல் சொன்னதையே சரி என்று ஒப்புக்கொள்ளும் சோம்பல் வந்துவிடும்.

இதில் பலர் விட்டுவிடும் ஒரு பங்கு உண்டு. இருபதில் ஆறேழு பத்திகள் பிழையே இல்லாதவையாக இருக்க வேண்டும். அவற்றிலும் மேலே சொன்ன பொறிகள் இருக்க வேண்டும்: ‘வந்து பார்த்தான்’, ‘கோவில்’, ‘வந்த பையன்’, ஒரு வட்டார வழக்கு உரையாடல். இவற்றைக் கண்டு பிராம்ப்ட் வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் பாதிச் சோதனை.

பிழை இல்லாதவை இல்லாமல் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆய்வுக்கே நேர்ந்த கதை இருக்கிறது. 2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி ஆய்வாளர்கள் ஜிபிடி-4-இன் மார்ச் பதிப்பையும் ஜூன் பதிப்பையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் எண் பகா எண்ணா என்று கேட்டதற்கு மார்ச்சில் 97.6 சதவீதம் சரியாகச் சொன்ன மாடல், ஜூனில் 2.4 சதவீதம்தான் சரியாகச் சொன்னது என்றார்கள். மாடல் முட்டாளாகிவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி. பிரின்ஸ்டனில் அரவிந்த் நாராயணனும் சயாஷ் கபூரும் சோதனையைத் தோண்டிப் பார்த்தார்கள். கொடுத்த 500 எண்களுமே பகா எண்கள்! மார்ச் பதிப்பு எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ‘பகா எண்’ என்றது. ஜூன் பதிப்பு பெரும்பாலும் ‘இல்லை’ என்றது. இரண்டுமே கணக்குப் போடவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னதில் வாய் மாறியிருந்தது என்பது அவர்கள் கணிப்பு. ஆய்வாளர்கள் பிறகு பகு எண்களையும் சரிபாதி சேர்த்துத் திரும்பச் சோதித்தபோது 84 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் என்று வந்தது. அரைக்கு அரை வாய்ப்புள்ள கேள்வியில் 51 சதவீதம் என்றால் நாணயம் சுண்டியது போலத்தான்.

நம் மெய்ப்புப் பிராம்ப்ட்டுக்கும் அதே ஆபத்து. பிழையுள்ள பத்திகளை மட்டும் வைத்துச் சோதித்தால், எல்லாவற்றையும் பிழை என்று குறிக்கும் பிராம்ப்ட்டுக்கு முதல் பரிசு கிடைக்கும்.

அதனால் நான்காம் பதிப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: ‘பிழை இல்லை என்றால் “பிழை இல்லை” என்று மட்டும் எழுது’ என்ற வரியும், அதற்கு எடுத்துக்காட்டாகப் பிழையற்ற ஒரு பத்தியும். பொய்க் குறிகள் குறைந்தன. கூடவே, உண்மையான ஒற்றுப் பிழைகள் சிலவற்றையும் மாடல் கண்டுகொள்ளாமல் விட்டது. வாயை மூடச் சொன்னால் கொஞ்சம் அதிகமாகவே மூடுகிறது. இந்தப் பேரம் எப்போதும் உண்டு. எந்தப் பக்கம் சாய்வது என்பதை வேலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இலக்கணம் தெரிந்த ஆசிரியர் கையில் மூன்றாம் பதிப்பு நல்லது. புதிதாகச் சேர்ந்த தம்பி கையில் நான்காம் பதிப்பு நல்லது. ஆகவே இரண்டுமே நூலகத்தில் இருக்கின்றன, எதற்கு எது என்ற குறிப்போடு.

ஒரு பதிப்புக்கான குறிப்பு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். எண்கள் வடிவத்தைக் காட்டுவதற்கு மட்டும்.

```
பெயர்: மெய்ப்பு-பட்டியல், பதிப்பு 4
மாடல்: gpt-4o-2024-08-06
temperature: 0    max_tokens: 1500
சோதனைக் கட்டு: மெய்ப்பு-20, ஓட்டம்: 3 முறை
மாற்றியது: 'பிழை இல்லை' வரி + பிழையற்ற எடுத்துக்காட்டு
எதற்கு: பதிப்பு 3-இல் பொய்க் குறி அதிகம்
பிழை 30: பிடித்தது 23, 22, 23 (முன்பு 26, 25, 26)
பொய்க் குறி: 3, 2, 3 (முன்பு 11, 9, 12)
முடிவு: புதியவர்களுக்கு இது. ஆசிரியருக்குப் பதிப்பு 3.
```

இதை வைக்க மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பிராம்ப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், சோதனைக் கட்டு ஒன்று, வந்த பதில்கள் அப்படியே. பதில்களை வைத்திருப்பது முக்கியம். மதிப்பெண் மட்டும் இருந்தால், பிறகு வேறொரு சந்தேகம் வரும்போது திரும்பப் பார்க்க ஒன்றும் இருக்காது. நிரல் எழுதுபவர்கள் ‘கிட்’ பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு எக்ஸெல் தாளே போதும்.

குறிப்பில் உள்ள மாடல் பெயரைக் கவனியுங்கள். வெறும் `gpt-4o` என்று எழுதினால், அந்தப் பெயர் இன்று சுட்டும் பதிப்பு ஒன்று, சில மாதம் கழித்துச் சுட்டும் பதிப்பு வேறொன்றாக இருக்கலாம். பெயரோடு தேதியும் சேர்ந்து வருவதுதான் மாறாத பதிப்பு. நிரல்வழிப் பயன்படுத்துபவர்கள் அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். உலாவியில் அரட்டைத் தளத்தைத் திறந்து பேசுபவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் தளத்தின் பெயர், திரையில் தெரியும் மாடல் பெயர், சோதித்த தேதி ஆகிய மூன்றையும் எழுதி வைப்பது தவிர வழியில்லை.

அரட்டைத் தளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் முன்பு பேசியதை அது நினைவில் வைத்திருக்கும். பொது அறிவுறுத்தல் எதையாவது எப்போதோ பதிந்து வைத்திருப்பீர்கள். நீங்கள் எழுதாத, நிறுவனமே மேலே வைத்திருக்கும் அறிவுறுத்தல்களும் இருக்கும். உங்களுக்கு நன்றாக வேலை செய்த பிராம்ப்ட் நண்பருக்குச் சொதப்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சோதிக்கும்போது நினைவை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் புது உரையாடல் திறக்க வேண்டும். ஒரே உரையாடலில் இருபது பத்திகளையும் வரிசையாகப் போட்டால், ஐந்தாவது பத்தியின் பதிலில் முதல் நான்கின் சாயல் இருக்கும்.

அமைப்புகளில் அதிகம் பேசப்படுவது `temperature`. மாடல் அடுத்த துண்டு எதுவாக இருக்கலாம் என்று ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு மதிப்புப் போடுகிறது. இந்த எண் குறைந்தால் அதிக மதிப்புள்ளதையே எடுக்கும். கூடினால் பின்வரிசையில் உள்ளவற்றுக்கும் இடம் கிடைக்கும். ஓப்பன்ஏஐயில் இது 0 முதல் 2 வரை, ஆந்த்ரோபிக்கில் 0 முதல் 1 வரை. ஆகவே வெறும் ‘1’ என்பது ஒன்றில் நடு அளவு, மற்றதில் உச்ச வரம்பு. ரீசனிங் மாடல்கள் பலவற்றில் இதை மாற்றவே விடமாட்டார்கள். மெய்ப்பு போன்ற வேலைக்கு 0 பொருத்தம். ஆனால் 0 வைத்தாலும் ஒவ்வொரு முறையும் எழுத்து மாறாமல் அதே பதில் வரும் என்று நம்ப வேண்டாம். பல பேருடைய கேள்விகளை ஒரே நேரத்தில் சேர்த்துக் கணிக்கும்போது நுண்ணிய தசம வேறுபாடுகள் நுழைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதில் மாறும். அதனால்தான் குறிப்பில் மூன்று ஓட்டம். நிரல் எழுதாமல் இந்த எண்ணைத் தொட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கூகுள் ஏஐ ஸ்டூடியோவில் அதற்கான நகர்த்தி திரையிலேயே இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களை அதிகம் ஏமாற்றும் அமைப்பு `max_tokens`. மாடல்கள் எழுத்தை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன, எழுதுகின்றன. ஆங்கிலத்தில் சிறிய சொல் பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழ்ச் சொல் பல துண்டாகும். எத்தனை துண்டு என்பது மாடலுக்கு மாடல் வேறு. ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய ஒரு தமிழ் எடுத்துக்காட்டில், பழைய முறையில் 116 டோக்கனான வாக்கியம் புதிய முறையில் 35 ஆனது. ஒரு மாடலில் தாராளமாக இருந்த வரம்பு இன்னொன்றில் பாதியில் வெட்டும் என்பது இதன் பொருள். பட்டியல் நடுவில் நின்றுபோனால் பிராம்ப்ட்டைத் திட்ட வேண்டாம். நிரல்வழிக் கேட்டவர்கள் பதிலோடு வரும் `finish_reason` என்பதைப் பார்த்தால், `length` என்று இருக்கும். வரம்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மதிப்பெண் போடும்போது ‘பிழையை விட்டுவிட்டது’ என்று இதையும் எண்ணிவிட்டால், தவறான இடத்தில் மருந்து போடுவோம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பது இந்தக் குறிப்பேட்டின் கறார் விதி. வரியைச் சேர்த்து, எடுத்துக்காட்டை மாற்றி, மாடலையும் மாற்றிவிட்டு மதிப்பெண் கூடியது என்றால், எதனால் என்று யாருக்கும் தெரியாது. நான்காம் பதிப்பில் நானே வரியையும் எடுத்துக்காட்டையும் சேர்த்துத்தான் போட்டேன் என்று கூர்ந்து படித்தவர்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே நோக்கத்துக்கான ஒரே மாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். கறாராகப் பார்த்தால் வரி மட்டும் உள்ள ஒரு பதிப்பு நடுவில் வர வேண்டும்.

மாற்றங்களில் பயன்படாதவற்றையும் எழுதி வைக்க வேண்டும். ‘நீ முப்பது ஆண்டு அனுபவமுள்ள தமிழ்ப் பேராசிரியர்’ என்று தொடங்கும் வரி எல்லா பிராம்ப்ட் புத்தகத்திலும் உண்டு. அதைச் சேர்த்தபோது பிடித்த பிழைகளின் எண்ணிக்கையில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை; காரணம் எழுதும் பத்திதான் நீண்டு, நன்னூல் வாசகம் பேசியது. குறிப்பில் ‘பயனில்லை, நீளம் கூடியது’ என்று இருக்கிறது. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இன்னொரு நாள் யாரோ சொன்னார்கள் என்று திரும்பச் சேர்த்திருப்பேன். இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடாதே என்ற வரியும் அப்படித்தான்: உரையாடல்களைக் காப்பாற்றியது, ஆனால் பேட்டிக் கட்டுரையில் மேற்கோளுக்குள் நிஜமாகவே இருந்த எழுத்துப் பிழைகளையும் காப்பாற்றிவிட்டது. ‘பேச்சு வழக்கில் உள்ள உரையாடலைத் தொடாதே’ என்று குறுக்கிய பிறகே சரியானது.

மதிப்பெண்ணைப் படிப்பதிலும் அடக்கம் வேண்டும். இருபது பத்தியில் ஒரு பதிப்பு 17-ஐச் சரியாகச் செய்தது, மற்றது 18-ஐச் செய்தது என்றால் இரண்டாவது சிறந்தது என்று சொல்ல முடியாது. அதே பதிப்பை மறுபடி ஓட்டினாலே ஒன்று கூடும், ஒன்று குறையும். மூன்று ஓட்டத்திலும் ஒரே பக்கம் சாய்ந்து, இடைவெளியும் பெரிதாக இருந்தால் மட்டும் நம்பலாம். மாடல் மாறும்போது, பழைய பிராம்ப்ட்டை முதலில் ஒரு வரியும் மாற்றாமல் புதிய மாடலில் ஓட்டிப் பாருங்கள். பழைய மாடலின் குறைகளுக்காக ஒட்டுப்போட்ட வரிகள் சில புதியதில் வேண்டாத சுமையாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பிராம்ப்ட் சுருங்கும்.

அச்சேறாத கட்டுரைகளையும் பிறர் அனுப்பிய கையெழுத்துப் பிரதிகளையும் சோதனைக் கட்டில் வைக்காதீர்கள். அது எத்தனையோ முறை வெளியாள் சர்வருக்குப் போகப் போகிறது. வெளியான பழைய இதழ்களே போதும்.

இதையெல்லாம் எல்லா பிராம்ப்ட்டுக்கும் செய்ய வேண்டியதில்லை. ஒரே தடவை கேட்டுவிட்டு மறக்கும் கேள்விக்குக் குறிப்பேடு வைப்பது வெட்டிவேலை. வாரத்துக்கு நாலு தடவை பயன்படுத்துகிற ஒன்றை மட்டும் எடுங்கள். அதற்குப் பத்துச் சோதனைகள் தயாரியுங்கள். அதில் மூன்று, ‘ஒன்றுமில்லை’ என்பதே சரியான விடையாக உள்ளவையாக இருக்கட்டும். விடைத்தாளை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பிராம்ப்ட்டைத் தொடுங்கள்.